ஒரு கல்லைக் கொடுத்து லிபர்ட்டிப் பந்தயத்தை முடித்த அனுபவம் உண்டா?

மூலைமுட்டி:
Go ஆடுபவர்கள் ஸ்நாப்பேக், த்ரோ-இன் வைத்த ஆட்டங்களை இங்கே சொல்லுங்கள். என்னுடையதிலிருந்து தொடங்குகிறேன். OGS-இல் 13x13 ஆட்டம், நான் கருப்பு. கீழ்விளிம்பு மட்டும் இது:

```
   C D E F G
3  ● ● ○ ○ .
2  ● ○ . ○ .
1  ● ○ . ● ●
```

இடப்பக்கக் கருப்புக் கூட்டம் மேலே அடைபட்டுவிட்டது. அதற்கு லிபர்ட்டி 3, அதை அடைத்திருக்கும் வெள்ளைக்கு 4. என் முறைதான், ஆனாலும் நேராக எண்ணினால் எனக்குத் தோல்வி. வலப்பக்க F1, G1 பத்திரமாக இருந்தன. அவற்றிடமிருந்து என்னைப் பிரிப்பது D1, D2 மட்டும்தான்.

E1-இல் அடாரி வைத்தால் வெள்ளை E2-இல் இணைந்துவிடும், கதை முடிந்தது. அதனால் E2-இலேயே போட்டேன். அவர் உடனே E1 வைத்து அதை வெட்டினார். இப்போது D1, D2, E1 மூன்றும் ஒரே சங்கிலி, அதற்கு இருக்கிற ஒரே லிபர்ட்டி E2. திரும்ப E2-இல் வைத்தேன், மூன்றும் போயின. அப்புறம் அவர் E1-இல் புகுந்து ஒரு அடாரி கொடுத்துப் பார்த்தார். D2-இல் இணைத்தேன், அந்தக் கல்லுக்கு வெளியேற வழியில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டதால் பந்தயமே இல்லாமல் போனது.

வெள்ளைக்கல்77:
வாழ்த்துகள் அண்ணா. ஆனால் ஒரு சந்தேகம். அவர் வெட்டின இடத்திலேயே உடனே வைக்கக் கூடாது என்பதுதானே கோ விதி? நடுவில் வேறெங்காவது ஒரு கல் வைத்திருக்க வேண்டுமே?

பழைய கட்டை:
கோ விதி அப்படி ஒரு இடத்தைப் பூட்டுவது கிடையாது தம்பி. பலகை முந்தைய நிலைக்கே அப்படியே திரும்பிவிடக் கூடாது, அவ்வளவுதான் தடை. இங்கே அவர் எடுத்தது ஒரு கல், இவர் திரும்ப எடுத்தது மூன்று, பலகை வேறாகிவிட்டது. E1-இல் வைத்த அந்த ஒற்றைக் கல் மட்டும் தனியாக மாட்டியிருந்தால் நீங்கள் சொல்வது சரி, அது கோ.

இந்த ஆட்டத்தில் நான் கவனித்தது F1. அங்கே கல் இல்லாமல் காலியாக இருந்திருந்தால் இதே E2 வீண். அவர் E1-இல் வெட்டின பிறகு சங்கிலிக்கு E2-வும் F1-உம் இருக்கும், திரும்ப E2-இல் வைக்கவே முடியாது, தற்கொலை ஆகிவிடும். கல்லைப் போடும் முன், அவர் வெட்டி முடித்த பிறகு எத்தனை லிபர்ட்டி மிஞ்சும் என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் போடலாம். இரண்டு என்றால் F1 மாதிரி ஒரு கல் முதலில் வேண்டும். அதை அவர் பார்த்துவிட்டால் E2-இல் இணைந்துகொள்வார், அது வேறு விஷயம்.

அவருக்கும் ஒன்று: E2 விழுந்ததும் வெட்டியிருக்கவே கூடாது. D1, D2 எப்படியும் போயின, வெட்டியதில் கூட ஒரு கல்லும் போனது.

கரையோரம்:
என் அனுபவம் எதிர்ப்பக்கம். நான் வெள்ளை. எனக்கு மூன்று லிபர்ட்டி, அதில் இரண்டு விளிம்பில் ஒரு பொய்க் கண்ணுக்குள். அவருக்கு இரண்டு, ஆனால் அவர் முறை. கண்ணுக்குள் ஒரு கல்லை எறிந்தார். வெட்டச் சொல்லிக் கை பரபரத்தது. வெட்டினால் நான் ஒரு முறை செலவழித்து என் லிபர்ட்டியை நானே அடைத்தது போலாகும், பிறகு அவர்தான் முந்துவார். எறிந்தது அடாரி இல்லையே! அதைத் தொடாமல் அவர் வெளி லிபர்ட்டியை அடைத்தேன். அவர் என்னை அடாரியில் வைத்தபோது அவருக்கு மிஞ்சியது ஒன்று. அதை அடைத்து மொத்தமாக எடுத்தேன்.

நகாதே ரசிகை:
நானும் ஐந்து புள்ளிக் கண்ணின் நடுவில் ஒரு கல் போட்டு ஒரு பெரிய கூட்டத்தைக் கொன்றேன்! அதுவும் த்ரோ-இன்தானே?

பழைய கட்டை:
இல்லம்மா, அது இரண்டு கண் வராமல் தடுக்கிற கல். அதை எதிராளி உடனே வெட்டுவதில்லை. த்ரோ-இன் கல் வெட்டப்படுவதற்காகவே போடுவது.

கரையோரம் சொன்னது சரி. அடாரி இல்லாத த்ரோ-இன்னுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.

மூலைமுட்டி:
அதற்காகப் போடாமலே விட வேண்டுமா? கரையோரத்தின் எதிராளி எப்படியும் தோற்கிற நிலையில்தான் இருந்தார். போட்ட கல்லும் ஒரு லிபர்ட்டியை அடைத்ததுதான், நட்டமில்லை. எதிராளி பழக்கத்தில் வெட்டிவிட்டால் ஒரு முறை லாபம்.

கரையோரம்:
தோற்கிற ஆட்டத்தில் சரி. மற்ற நேரத்தில் நான் போட மாட்டேன். அந்த இடம் பின்னால் ஒரு கோ சண்டையில் மிரட்டலாக உதவும், முன்பே தீர்த்துவிட்டால் அது போச்சு.

மூலைமுட்டி:
9x9 மாதிரி சின்னப் பலகையில் கோ சண்டை வரைக்கும் எங்கே போகிறது? நான் போடுவேன்.