மாடியில் புதுச் சுவர்: செங்கலா, பிளாக்கா?

செந்தூல்வாசி
இரண்டு மாடி லிங்க் வீடு. மேல் ஹாலைத் தடுத்து மகளுக்கு ஓர் அறை எடுக்கணும். சுவர் 4 மீட்டர் நீளம், 2.9 மீட்டர் உயரம், கீழே பீம் இல்லை. கொன்ட்ராக்டர் செங்கல் என்கிறார், தம்பி ஏஏசி என்கிற, காற்றுக் குமிழிகளால் லேசான வெள்ளை கான்கிரீட் பிளாக் என்கிறான். எதை வைப்பது?

செங்கல்காரன்
செங்கல்தான். நான் பார்த்த வெள்ளை பிளாக் வீடு எல்லாமே ஒரு வருஷத்தில் வெடிப்பு. ஆணி அடித்தால் கையோடு வந்துவிடும்.

தளக்கணக்கு
பீம் இல்லையென்றால் முதலில் எடையைப் பாருங்கள். அரைச்செங்கல் சுவர், இரு பக்கப் பூச்சோடு சதுர மீட்டருக்குச் சுமார் 260 கிலோ. உங்களுக்கு 11.6 சதுர மீட்டர், ஆக 3 டன். உள்ளே ஓட்டை விட்ட சிமிண்ட் பிளாக் என்றாலும் 2 டன்னுக்குக் குறையாது. 100 மில்லிமீட்டர் ஏஏசி, மெல்லிய பூச்சோடு ஒரு டன்தான் வரும்.

இந்த எடை தளத்தில் ஒரே கோட்டில் உட்காரும். பிரதான கம்பிகள் ஓடும் திசையிலேயே சுவரும் போனால், ஒரு பட்டைதான் அத்தனையையும் சுமக்கும். தளம் தொய்யும், சுவரில் சாய்வாக வெடிப்பு வரும், கதவு நிலையில் உரசும். கல் வாங்கும் முன் என்ஜினியரிடம் காட்டுங்கள்; ஒரு டன்னும் சும்மா இல்லை.

பினாங்கு அக்கா
எங்க பட்டர்வொர்த் வீட்டு வெளிச்சுவர் ஓட்டை பிளாக். மழை அடித்தால் உள்ளே ஈரம், ஓட்டைக்குள் எறும்புப் புற்று. வேண்டவே வேண்டாம் தம்பி!

தளக்கணக்கு
அக்கா, அவர் கேட்பது உள் சுவர். மழை அங்கே வராது.

செங்கல்காரரே, வெடிப்பு உண்மைதான், ஆனால் எங்கே வந்தது? கல் இணைப்புகளை ஒட்டி ஓடினால், மழையில் நனைந்த கல்லை அப்படியே கட்டியிருப்பார்கள். அது காயும்போது சுருங்கும். தூணோரம் நேர்க்கோடாக வந்தால் அங்கே இரும்புப் பட்டையும் வலையும் போடவில்லை. முதல் வரிசைக்கு மட்டும் சாதா சிமிண்ட் கலவை. அதற்கு மேல் 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஏஏசிக்கான பசைதான். சாதா கலவையைத் தடவினால் கல் தண்ணீரை உறிஞ்சிவிடும், கலவை பொடியாகிவிடும். உச்சியில் கான்கிரீட்டோடு இறுக்காமல் விரலளவு இடைவெளி விட்டு ஃபோம் அடிக்கணும்.

செங்கல்காரன்
இத்தனையும் பார்த்துச் செய்யும் ஆள் கிடைக்கணுமே! செங்கல் என்றால் யார் கட்டினாலும் நிற்கும். ஏர்கோன் எதில் மாட்டுவார்?

தளக்கணக்கு
ஆள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஏர்கோனுக்கு ஏஏசிக்கென்றே வரும் நீள பிளக் இருக்கு. கனமானதற்குச் சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் தகடு வைத்து போல்ட் போடலாம்.

செந்தூல்வாசி
சனிக்கிழமை என்ஜினியர் வருகிறார். ஒன்று கேட்க மறந்தேன்: மகள் மிருதங்கம் வாசிப்பாள்.

செங்கல்காரன்
அப்போ செங்கல்! எடை இருந்தால்தான் சத்தம் அடங்கும்.

தளக்கணக்கு
அதில் அவர் சொல்வது சரி. ஆனால் கதவு சாதா ஒட்டுப்பலகை என்றால் எந்தச் சுவரும் காப்பாற்றாது.