‘ட்ரேட்-ஆஃப்’ என்பதற்குத் தமிழ்: ஒன்றைக் குறைத்தால் மற்றது ஏறுகிறதே, அதற்கு

குமரன், காட்பாடி

அனைவருக்கும் வணக்கம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்காகப் புகை வரம்புகள் குறித்துப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்திய வாகனப் புகை விதியான ‘பாரத் ஸ்டேஜ்’, பி.எஸ். 3, பி.எஸ். 4, பி.எஸ். 6 என்று ஒவ்வொரு நிலையிலும் எப்படி இறுகியது என்பதே பாடம். எண்களைச் சொல்லிவிடலாம். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் இழுபறியைச் சொல்லத்தான் சொல் கிடைக்கவில்லை.

டீசல் என்ஜினின் சிலிண்டருக்குள் சூடு மிகுந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. அதே சூடுதான் கரியை எரித்துத் தீர்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக, வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி உள்ளே விட்டால் சூடு தணியும்; ஆனால் கரி எரியாமல் துகளாக வெளியே வரும். இந்த நிலைமையை ஆங்கிலப் புத்தகம் ‘ட்ரேட்-ஆஃப்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. நான் பார்த்த மொழிபெயர்ப்புகளில் ‘சமரசம்’, ‘விட்டுக்கொடுப்பு’ என்று இருக்கின்றன. இரண்டும் மனிதர்கள் செய்கிற காரியம். நெருப்பு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வகுப்பில் ‘சமரசம்’ என்று சொன்னபோது ஒரு மாணவன், “யார் யாரோடு சமரசம், சார்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி.

உங்கள் யோசனை வேண்டும்.

செல்வி, இராணிப்பேட்டை

குமரன் ஐயாவுக்கு வணக்கம். நான் தமிழாசிரியை. என்ஜின் தெரியாது, சொல் கொஞ்சம் தெரியும். ஒன்று குறைய மற்றது ஏறுவதுதான் கருத்து என்றால் ‘எதிரேற்றம்’ எனலாம். ஆறே எழுத்து. புணர்ச்சியும் இயல்பாக இருக்கிறது. பொருளாதாரப் பாடத்துக்கும் உதவும்.

இளங்கோ, வேலூர்

சொல் தேவைதானா என்பதே என் ஐயம். வரம்புகளைப் பாருங்கள். டீசல் காருக்கு பி.எஸ். 3-இல் நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.50 கிராம், துகள் 0.05 கிராம். பி.எஸ். 4-இல் 0.25, 0.025. இரண்டும் சரிபாதி. ஒவ்வொரு நிலையிலும் இரண்டையும் ஒரே அளவில்தான் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒன்று ஏறினால்தானே ‘எதிரேற்றம்’?

இன்னொன்று: மின்னியலில் ‘ஏற்றம்’ என்றால் மின்னேற்றம். ‘எதிரேற்றம்’ என்று படிக்கிற மாணவன் எதிர்மின்னேற்றம் என்றுதான் நினைப்பான்.

பாஷா, ஆம்பூர்

இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். என்னிடம் இரண்டு லாரிகள் இருக்கின்றன, தோல் ஏற்றிச் சென்னைக்குப் போய் வருபவை. ஒன்று பழைய பி.எஸ். 3, மற்றது பி.எஸ். 6. புதிய வண்டியில் போன மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. டிரைவர் கவனிக்கவில்லை. அடுத்த நாள் வாலாஜா மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்கவே இல்லை. மெக்கானிக் வந்து யூரியாத் தொட்டியைத் திறந்தார். மூடியைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாகப் படிந்திருந்தது. பிறகுதான் டிரைவர் உண்மையைச் சொன்னான்: யூரியா தீர்ந்ததும் குடிதண்ணீரை ஊற்றியிருக்கிறான். புகையை வடிகட்டுவதற்குத்தான் சைலன்சரில் பில்டர் இருக்கிறதே, பிறகு யூரியா எதற்கு? இதற்கும் நீங்கள் தேடும் சொல்லுக்கும் தொடர்பு உண்டா?

மீனாட்சி, குடியாத்தம்

முப்பது ஆண்டுகள் என்ஜின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாஷா பாய் கேள்வியில்தான் குமரனுக்கு வேண்டிய பாடம் முழுவதும் இருக்கிறது.

முதலில் இளங்கோ சொன்னது. காருக்கு 3-லிருந்து 4-க்குப் போன படியில் அவர் கணக்குச் சரி. எல்லாப் படிக்கும் அது பொருந்தாது. பி.எஸ். 6-இல் டீசல் கார் வரம்பு 0.08, 0.0045. நைட்ரஜன் ஆக்சைடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. துகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. வேலூரிலிருந்து சென்னைக்கு 140 கிலோமீட்டர் என்று வைத்துப் பாருங்கள். வரம்பை ஒட்டியே ஓடும் பி.எஸ். 3 கார் அந்தத் தூரத்தில் 70 கிராம் நைட்ரஜன் ஆக்சைடும் 7 கிராம் துகளும் விடலாம். பி.எஸ். 4-இல் 35 கிராம், 3.5 கிராம். பி.எஸ். 6-இல் சுமார் 11 கிராம், துகள் 0.63 கிராம். இவை சோதனைக்கூடத்து எண்கள். சாலையில் அதற்கு மேல் போகும் என்பதால்தான் 2023 ஏப்ரல் முதல் கார்களில் கருவியைக் கட்டிச் சாலையிலும் சோதிக்கிறார்கள்.

லாரியைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவு. அதற்குக் கணக்கு கிலோமீட்டரில் இல்லை. என்ஜின் தரும் ஒவ்வொரு கிலோவாட்-மணி வேலைக்கும் இத்தனை கிராம் என்று கணக்கு. 3-லிருந்து 4-க்கு வந்தபோது துகள் வரம்பு 0.10-லிருந்து 0.02 ஆனது, ஐந்தில் ஒரு பங்கு. நைட்ரஜன் ஆக்சைடோ 5.0-லிருந்து 3.5 வரைதான் இறங்கியது. அடுத்து 4-லிருந்து 6-க்கு வரும்போது தலைகீழ். துகள் 0.02-லிருந்து 0.01, பாதிதான். நைட்ரஜன் ஆக்சைடு 3.5-லிருந்து 0.40-க்கு விழுந்தது. சோதனை ஓட்டமும் இடையில் மாறியது என்பதால் இவற்றைத் துல்லியமாக ஒப்பிடக் கூடாது. போக்கு மட்டும் ஐயமில்லாமல் தெரிகிறது. முதலில் ஒரு பக்கத்தை அழுத்தினார்கள், பிறகு மறுபக்கத்தை.

பி.எஸ். 4 வரை பெரும்பாலும் என்ஜினுக்குள்ளேயே சமாளித்தோம். டீசலை இன்னும் அழுத்தமாக, இன்னும் மெல்லிய தூவலாகப் பீய்ச்சினோம். குளிர்ந்த புகையைத் திருப்பி விட்டோம். லாரிகளில் சிலர் அப்போதே யூரியாவுக்கும் போனார்கள். 6-இன் எண்களுக்குள் இரண்டையும் அடக்க சிலிண்டருக்குள் வழியே இல்லை. ஒன்றை இறக்கினால் மற்றது ஏறிக்கொண்டே இருந்தது. எத்தனை இரவுகள் அந்த வளைகோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! கடைசியில் வேலையைப் பிரித்து என்ஜினுக்கு வெளியே வைத்தோம். துகளுக்குப் பில்டர். நைட்ரஜன் ஆக்சைடுக்கு யூரியாக் கரைசல். அது சூட்டில் அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடை மறுபடி நைட்ரஜனாகவும் நீராகவும் ஆக்கிவிடுகிறது.

ஆகவே பாஷா பாய், உங்கள் பில்டர் கரித்துகளை மட்டும்தான் பிடிக்கும். நைட்ரஜன் ஆக்சைடு வாயு. பில்டரின் கண்ணறை வழியே தாராளமாகப் போய்விடும். தண்ணீர் ஊற்றியதும் கரைசலின் தரத்தைப் பார்க்கும் உணரியோ, பின்னால் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு உணரியோ கண்டுபிடித்திருக்கும். முதலில் விளக்கு, பிறகு இழுவையைக் குறைப்பது. வண்டி கெட்டுப்போகவில்லை; விதி அப்படித்தான் நடக்கச் சொல்கிறது.

குமரன், காட்பாடி

மீனாட்சி அம்மாவுக்கு மிக்க நன்றி. இதைப் படித்துவிட்டு மாணவர்களை வாசலுக்கு அழைத்துப்போனேன். பழைய பி.எஸ். 3 வண்டியின் புகைக்குழாய்க்குள் ஒருவனை விரலை விட்டுத் துடைக்கச் சொன்னேன். நகக்கண் வரை கறுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற பி.எஸ். 6 வண்டியில் துடைத்தபோது விரலில் லேசான தூசிதான். ‘அப்படியானால் இது சுத்தமான வண்டி’ என்று எல்லோரும் முடிவுக்கு வந்தார்கள். நைட்ரஜன் ஆக்சைடு விரலில் ஒட்டாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

மீனாட்சி, குடியாத்தம்

நல்ல பாடம். ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள்: பி.எஸ். 6 வண்டியின் குழாயில் விரல் கறுத்தால் பில்டருக்குள் விரிசல் என்று ஐயப்படலாம். நைட்ரஜன் ஆக்சைடுக்கு அப்படி எளிய அடையாளம் கிடையாது. டீசல் வண்டிக்கு எடுக்கிற புகைச் சான்றிதழ்ச் சோதனையும் புகையின் கருமையைத்தான் அளக்கிறது. உணரியும் விளக்கும்தான் சாட்சி. அந்த விளக்கை மறைத்து ஓட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சொல்லுக்கு வருகிறேன். தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு மேலே போனால் மற்றது கீழே இறங்கியே தீரும், இரண்டும் ஒரே கோலில் தொங்குவதால். ‘எதிர்த்தட்டு’ என்று வைத்தால் என்ன? ‘நைட்ரஜன் ஆக்சைடுக்குக் கரித்துகள் எதிர்த்தட்டு’ என்று சொல்லலாம். பி.எஸ். 6-இல் நடந்தது கோலையே அறுத்து, இரண்டு தட்டையும் தனித்தனியே வைத்தது.

செல்வி, இராணிப்பேட்டை

‘எதிரேற்றம்’ என்பதை நான் திரும்பப் பெறுகிறேன்; இளங்கோவின் மறுப்புச் சரியானது. ‘எதிர்த்தட்டு’ கேட்டவுடன் விளங்குகிறது. ஒரு குறை மட்டும். தராசில் சமன்செய்வது நல்லது, அதற்காகத்தான் தராசு. இங்கே இரண்டும் குறைய வேண்டும். சமமாக நிற்பதால் யாருக்கும் பயன் இல்லை. படிக்கிறவர் ‘இரண்டையும் சமமாக வைப்பதே நோக்கம்’ என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா?

கூடவே ஒரு கேள்வி. நீங்கள் எல்லோரும் கரித்துகள் என்கிறீர்கள். வரம்பில் இருப்பதும் கரி மட்டும்தானா?

மீனாட்சி, குடியாத்தம்

கரி மட்டும் இல்லை, அம்மா. எரியாத எண்ணெய், கந்தகத்திலிருந்து வரும் சல்பேட்டு எல்லாம் வடிதாளில் சேர்ந்துதான் எடை காட்டும். டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்துக்கு 350 பங்கிலிருந்து 50-க்கும், பிறகு 10-க்கும் குறைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். என்ஜினுக்குள் நடப்பதைப் பேசும்போது ‘கரித்துகள்’, வரம்பைப் பேசும்போது ‘புகைத்துகள்’ என்று பிரித்துக்கொள்ளலாம். பி.எஸ். 6-இல் எடை போதாதென்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகள். மிக நுண்ணிய துகள் எடையில் தெரியாது, எண்ணினால்தான் தெரியும்.

தராசு பற்றிய உங்கள் மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை.

இளங்கோ, வேலூர்

லாரிக் கணக்கைப் பார்த்த பிறகு சொல் வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘எதிர்த்தட்டு’ ஒரு பொருளின் பெயர். நமக்கு வேண்டியது உறவின் பெயர். ‘எதிர்த்தட்டு உறவு’ என்று நீட்டினால் வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

குமரன், காட்பாடி

திங்கட்கிழமை வகுப்பில் ‘எதிர்த்தட்டு’ என்றே எழுதிப் பார்க்கிறேன். செல்வி அம்மா சொன்ன குழப்பம் வருகிறதா என்று மாணவர்களின் விடைத்தாளில் தெரிந்துவிடும். வந்தால் மறுபடி இங்கே எழுதுகிறேன்.

பாஷா, ஆம்பூர்

தொட்டியைக் கழுவி, புதிய யூரியா ஊற்றியாகிவிட்டது. வண்டி பழையபடி இழுக்கிறது. மூடிக்கு அருகே ‘தண்ணீர் ஊற்றாதே’ என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்த மஞ்சள் விளக்குக்கும் ஒரு பெயர் சொன்னால் அதையும் எழுதி ஒட்டிவிடுவேன். டிரைவர் அதை ‘இன்னொரு லைட்’ என்றுதான் சொல்கிறான்.