"AutoTune: Success" என்று வந்த பிறகும் புதிய அளவுகளைச் சேமிக்காமல் இறக்கிய அனுபவம்

ஆறுவிசிறி
புதிதாகக் கட்டிய ஆறு மோட்டார் மல்டிரோட்டரில், ஆர்டுபைலட்டின் AutoTune-ஐ AltHold நிலையில், காற்றில்லாத காலை வேளையில் ஓட்டினேன். AUTOTUNE_AXES-ஐ 3 என்று வைத்திருந்ததால், ரோலும் பிட்ச்சும் மட்டுமே அந்தப் பறத்தலில் சோதிக்கப்பட்டன. பிட்ச் அச்சில் AutoTune விமானத்தை வெடுக்கெனச் சாய்த்த ஒவ்வொரு சுண்டலும் தெளிவாக இருந்தது. விமானம் ஏறக்குறைய 20 பாகை சாய்ந்து உடனே நிமிர்ந்தது. ரோல் அச்சில் அப்படி இல்லை. நிமிர்ந்த பின்னும் உடல் ஒருமுறை மெல்ல எதிர்ப்பக்கம் ஆடி அடங்கியது, அந்தக் கணத்தில் மோட்டார்களின் ஒலியும் கரகரத்தது. அந்த ஒலிதான் இன்னும் என் மனத்தில் நிற்கிறது.

சிறிது நேரத்தில் திரையில் "AutoTune: Success" வந்தது. ஸ்விட்ச் மேலே இருக்கும்போது இறக்கி டிஸ்ஆர்ம் செய்தால் புதிய அளவுகள் சேமிக்கப்படும், கீழே இருந்தால் பழையவையே நிலைக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நான் ஸ்விட்சைக் கீழே வைத்து இறக்கினேன். சேமிக்காவிட்டாலும் லாக்கில் ATUN பதிவு இருக்கும் என்பதால், RP, RD, SP ஆகிய மூன்று வரிகளைத் திறந்து பார்த்தேன். பிட்ச்சுக்கு P 0.16, D 0.0071 என்று முடிந்திருந்தது. ரோலுக்கோ P 0.08 என இறங்கி, D சரியாக 0.001-இல் நின்றிருந்தது. அது AUTOTUNE_MIN_D-இல் நான் கொடுத்திருந்த அடித்தளம். அதற்குக் கீழே போக D-க்கு வழியில்லை. SP-யும் பிட்ச்சில் 9-க்கு அருகில் இருக்க, ரோலில் 4-ஐத் தாண்டவில்லை.

ஒரே விமானத்தின் இரண்டு அச்சுகளுக்கு இடையே இவ்வளவு வேறுபாடு வருவதை இங்கே யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மேல்தட்டு
பார்த்திருக்கிறேன். பெரிய, மெதுவாகச் சுழலும் ப்ரொப்பெல்லர்கள் கொண்ட என் நான்கு மோட்டார் விமானத்திலும் D அடித்தளத்தைத் தொட்டது. நான் AUTOTUNE_MIN_D-ஐ 0.0005 ஆகக் குறைத்து மீண்டும் ஓட்டினேன். D அதற்குச் சற்று மேலே நின்றது, விமானம் நன்றாகவே பறக்கிறது. ஆகவே உங்களுக்கும் அந்த எல்லைதான் தடையாக இருக்கிறது என்று தோன்றுகிறது. எல்லையைத் தளர்த்தினால் ட்யூன் தன் இடத்தைத் தானே கண்டுகொள்ளும்.

வடகரை
எனக்கு ஒன்று புரியவில்லை. நான் PX4 பயன்படுத்துகிறேன்; அதில் முழு ஆட்டோட்யூனும் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, MC_AT_APPLY 1 என்று இருந்தால் டிஸ்ஆர்ம் செய்த பின்னரே புதிய அளவுகள் ஏறுகின்றன. நீங்கள் ஏன் பல நிமிடங்கள் மேலே தொங்கவிட்டு, ஸ்விட்சையும் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்? எனக்கு மறக்க முடியாத கணமும் அதில்தான் வந்தது: விமானம் மரக்கிளை நோக்கி நகர்ந்தபோது ஸ்டிக்கைத் தொட்டேன், ட்யூன் முழுவதும் நின்றுபோனது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

ஆறுவிசிறி
வடகரை அவர்களே, இங்கே முறை வேறு. ஆர்டுபைலட்டில் ஸ்டிக்கைத் தொட்டால் ட்யூன் இடைநிற்குமே தவிர அழியாது. விமானம் பழைய அளவுகளுக்குத் திரும்பி நம் சொல்படி நகரும், கையை எடுத்தபின் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால்தான் தொடங்குவதற்கு முன்பே பழைய அளவுகளில் விமானம் நம்பிக்கையாகப் பறக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நடுவில் ஆபத்து வந்தால் நம்மைக் காப்பாற்றப்போவது அவைதான்.

நெடுநாள்_பறப்பவர்
மேல்தட்டு சொன்ன தீர்வை அவருடைய விமானத்துக்கு ஏற்கிறேன், ஆறுவிசிறியின் விமானத்துக்கு ஏற்க மாட்டேன். பெரிய ப்ரொப்பெல்லர்களில் உண்மையிலேயே குறைந்த D தேவைப்படலாம்; அங்கே இரண்டு அச்சுகளும் சேர்ந்தே கீழே வரும். இங்கே பிட்ச்சின் D 0.0071-க்கு ஏறியிருக்க, அதே மோட்டார்கள், அதே ப்ரொப்பெல்லர்கள், அதே வடிகட்டிகளுடன் ரோலின் D மட்டும் அடித்தளத்தைத் தொட்டிருக்கிறது. பேட்டரி நீளவாக்கில் வைக்கப்பட்டிருந்தால் பிட்ச்சின் நிலைமம் கூடும், அதற்கான அளவுகளும் சற்று உயரும். ஆனால் ஏழு மடங்கு வேறுபாட்டை அது விளக்காது.

AutoTune எதைப் பார்க்கிறது என்பதை நினைவில் வைத்தால் காரணம் புலப்படும். சுண்டலுக்குப் பின் சுழல்வேகம் எவ்வளவு பின்வாங்குகிறது என்பதை அது அளக்கிறது. AUTOTUNE_AGGR என்பது அந்தப் பின்வாங்கலில் பொறுத்துக்கொள்ளப்படும் பங்கு. பின்வாங்கல் அதை மீறினால் D அதிகம் என்று முடிவு செய்து குறைக்கிறது. D அடித்தளத்தைத் தொட்ட பிறகும் பின்வாங்கல் நிற்காவிட்டால் P-யைக் குறைக்கிறது. உடலில் ஏதாவது ஒன்று தளர்ந்திருந்தால், சட்டகம் நின்ற பிறகு அந்தப் பொருள் வந்து மோதி அதே பின்வாங்கலை உண்டாக்கும். மென்பொருளுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. நீங்கள் கேட்ட கரகரப்பும் எதிர்ப்பக்க ஆட்டமும் அதுவாகவே இருக்க வேண்டும். இந்த நிலையில் எல்லையைத் தளர்த்தினால் தளர்ந்த பொருளுக்கு ஏற்ற ட்யூன்தான் கிடைக்கும். பேட்டரியைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சட்டகக் கைகளின் மடிப்பு இணைப்புகளையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள்.

கேட்கப்படாவிட்டாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நல்ல அளவுகள் வந்த பின்பும் பலர் அவசரப்படுகிறார்கள். Success வந்ததும் ஸ்விட்சைக் கீழே இறக்கி மீண்டும் மேலே ஏற்றினால், புதிய அளவுகளுடன் பறந்து பார்க்கலாம். முதலில் சிறிய சாய்வுகள் கொடுங்கள், பிறகு கூர்மையானவை. அதன் பிறகு உயரத்திலிருந்து நேராகக் கீழே இறக்குங்கள். தன் காற்றுக்குள்ளேயே விமானம் இறங்கும்போதுதான், மிதக்கையில் தெரியாத அதிர்வு வெளிப்படும். அதிர்ந்தால் ஸ்விட்சைக் கீழே தள்ளுங்கள். பழைய அளவுகள் உடனே வந்துவிடும். அந்த விரலை ஸ்விட்சிலிருந்து எடுக்கவே கூடாது. இறங்கியதும் மோட்டார்களைத் தொட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால், வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் D உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கிறது என்று பொருள். லாக்கில் RATE.RDes-ஐயும் RATE.R-ஐயும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டிப் போக வேண்டும். அவை ஒட்டிப் போனாலும் RATE.ROut மட்டும் மெல்லிய நடுக்கத்துடன் தடித்துத் தெரிந்தால் நான் சேமிக்க மாட்டேன்.

மேல்தட்டு
இரண்டு அச்சுகளையும் ஒப்பிட வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் விமானத்தில் இரண்டும் சேர்ந்தே இறங்கின என்பது உண்மை. ஆயினும் எல்லையைக் குறைப்பதே தவறு என்ற தொனி சரியில்லை. பெரிய விமானம் வைத்திருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, இல்லாத தளர்வைத் தேடி அலையக் கூடாது.

ஆறுவிசிறி
நெடுநாள்_பறப்பவர் சொன்னபடி அசைத்துப் பார்த்தேன். பட்டை இறுக்கமாகவே இருந்தது. ஆனால் பேட்டரிக்கு அடியில் இருந்த தடித்த மென்பஞ்சின் மேல் அது பக்கவாட்டில் ஊசலாடியது, நீளவாக்கில் சிறிதும் அசையவில்லை. பஞ்சை எடுத்துவிட்டு மெல்லிய ரப்பர் தாள் வைத்து இரண்டு பட்டைகளால் கட்டினேன். AUTOTUNE_MIN_D-ஐயும் AUTOTUNE_AGGR-ஐயும் தொடவே இல்லை. AUTOTUNE_AXES-ஐ 1 ஆக்கி ரோலை மட்டும் மீண்டும் ஓட்டியதில் P 0.13, D 0.0052 என்று வந்தது, கரகரப்பும் இல்லை. நேர் இறக்கத்திலும் விமானம் அதிரவில்லை, அதன் பிறகே ஸ்விட்சை மேலே வைத்து டிஸ்ஆர்ம் செய்தேன். பழைய அளவுகளைத் தனிக் கோப்பாகவும் வைத்திருக்கிறேன்.

இதற்கு மேல் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. இந்த விமானம் பின்னர் கேமராவைச் சுமக்கும். கேமரா தாங்கியோ அதிர்வு தாங்கும் ரப்பர் பந்துகளில் தொங்குகிறது. அதுவும் ஒருவகைத் தளர்வுதானே? அதை மாட்டியபடியே ட்யூன் செய்வதா, அதே எடையில் அசையாத சுமையை இறுக்கிக் கட்டிச் செய்வதா?

நெடுநாள்_பறப்பவர்
நான் அசையாத சுமையோடு செய்து, பிறகு கேமராவை மாட்டி நேர் இறக்கச் சோதனையை மட்டும் மறுபடி செய்வேன்.

மேல்தட்டு
நான் பறக்கப்போகும் வடிவத்திலேயே ட்யூன் செய்வேன். சுமை வேறுவிதமாக அசைந்தால் அளவுகளும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.