மின்னஞ்சல் இரட்டைப்பதிவு: ஒப்பிடும் வடிவத்துக்கு ஒரு சொல் வேண்டும்

திருப்பூரிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். பின்னலாடை ஜாப்-ஒர்க் ஆர்டர் எடுக்கும் ஒரு தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்து, "என் ஆர்டரெல்லாம் எங்கே போச்சுங்க?" என்று கேட்டார். அவருடைய 14 ஆர்டரும் டேட்டாபேஸில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் அவர் பேரில் இரண்டு கணக்கு இருந்தது. மின்னஞ்சல் பத்தியில் `UNIQUE` போட்டிருந்தும் இரண்டாவது எப்படி உள்ளே வந்தது என்று அரை நாள் தேடினேன். திரையில் பார்த்தால் ஓர் எழுத்து மட்டும்தான் மாறியிருந்தது. இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு, நீளத்தையும் எடுத்துப் பார்த்தபோதுதான் மீதி தெரிந்தது (முகவரியை மாற்றியிருக்கிறேன்):

```
212 | [nool@example.com]  | 16
947 | [Nool@example.com ] | 17
```

முதல் எழுத்து பெரியது, கடைசியில் ஒரு இடைவெளி. போன் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும். மேலே காட்டும் பரிந்துரையைத் தொட்டால் பின்னால் ஒரு இடைவெளியும் சேர்த்துவிடும். `type="email"` என்று வைத்திருந்தால் பிரவுசரே இரண்டு ஓரத்து இடைவெளியையும் எடுத்திருக்கும். எங்கள் படிவத்தில் `type="text"` இருந்தது. போஸ்ட்கிரெஸ்ஸுக்கு இவை இரண்டு வெவ்வேறு சரங்கள், அதனால் எந்த மறுப்பும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது.

என் கேள்வி சொல்லைப் பற்றியது. பயனர் எழுதிய முகவரி ஒன்று. அதிலிருந்து ஒப்பிடுவதற்காக மட்டும் நாம் செய்துகொள்ளும் முகவரி இன்னொன்று. இந்த இரண்டாவதை எங்கள் குழுவில் 'சுத்தம் பண்ணினது' என்கிறோம். ஆவணத்தில் அப்படி எழுத மனம் வரவில்லை. நல்ல தமிழ்ச்சொல் ஒன்று சொல்லுங்கள்.

கோவையிலிருந்து

'சிற்றெழுத்தாக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமே அண்ணா. மின்னஞ்சலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாம் ஒன்றுதான், விதியே அப்படித்தான் இருக்கிறது. பத்தியின் வகையை `citext` என்று மாற்றிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

ஈரோட்டிலிருந்து

தம்பி சொன்னதில் பாதி சரி. @ குறிக்குப் பின்னால் வரும் டொமைனுக்குப் பெரிது சிறிது கிடையாது. முன்னால் இருப்பது அப்படியில்லை. ஆர்.எஃப்.சி. 5321 அதைப் பெரிது சிறிது பார்த்தே நடத்தவேண்டும் என்கிறது. கூடவே, அந்த வேறுபாட்டை நம்பி முகவரி கொடுக்கவேண்டாம் என்று மெயில் சர்வர் நடத்துகிறவர்களுக்கும் சொல்கிறது. நடப்பில் `Nool`, `nool` என்று இரண்டு பேருக்கு முகவரி கொடுக்கும் சேவையை நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால் ஒப்பிடும்போது சிறிதாக்கலாம். ஆனால் கடிதம் அனுப்பும்போது அவர் எழுதிக்கொடுத்த முகவரிக்கே அனுப்புங்கள், ஓர இடைவெளியை மட்டும் எடுத்துவிட்டு. இரண்டு வடிவத்தையும் தனித்தனியாக வைக்கவேண்டிய காரணம் இதுதான்.

அப்புறம், `citext` எழுத்து வேறுபாட்டை மட்டும்தான் மறைக்கும். கடைசி இடைவெளியை அது தொடாது. 947-ல் பெரிய எழுத்து இல்லாமல் வெறும் இடைவெளி மட்டும் இருந்திருந்தாலும் உள்ளே வந்திருக்கும்.

நான் செய்வது இது:

```sql
CREATE UNIQUE INDEX users_email_oppu
ON users (lower(btrim(email)));
```

ஏற்கெனவே இரட்டை இருந்தால் இது `could not create unique index` என்று நின்றுவிடும். நிற்பது நல்லது. அதே `lower(btrim(email))`-ஐ வைத்து `GROUP BY`, `HAVING count(*) > 1` ஓட்டினால் மொத்த இரட்டையும் கைக்கு வந்துவிடும். லாகினிலும் கடவுச்சொல் மீட்பிலும் தேடும்போது இதே `lower(btrim(...))` இரண்டு பக்கமும் வரவேண்டும். பதிவில் மட்டும் போட்டுவிட்டு லாகினில் விட்டால், பெரிய எழுத்தில் பதிந்தவர் சின்ன எழுத்தில் நுழையப் பார்த்து வெளியே நிற்பார்.

பொள்ளாச்சியிலிருந்து

இது போஸ்ட்கிரெஸ்ஸில் மட்டும் வருகிற கோளாறா? எங்கள் தென்னைநார் ஆலைத் தளம் மைஎஸ்க்யூஎல்லில் பல வருஷம் ஓடியது, இரட்டையே வந்ததில்லை. 8.0 சர்வருக்கு மாறி டேபிளைப் புதிதாக உருவாக்கிய பிறகு, கடைசி இடைவெளி உள்ள முகவரிகள் மட்டும் உள்ளே வருகின்றன. பெரிய எழுத்தில் வந்தால் இப்போதும் மறுக்கிறது. இதற்கு என்ன சொல் வைப்பீர்கள்?

ஈரோட்டிலிருந்து

இதற்குச் சொல் வேண்டாங்க, காரணம் இருக்கிறது. பழையதில் `utf8mb4_general_ci` இருந்திருக்கும். அது ஒப்பிடும்போது பெரிது சிறிதையும் பார்க்காது, கடைசி இடைவெளியையும் பார்க்காது. 8.0-ல் இயல்பாக வரும் `utf8mb4_0900_ai_ci` எழுத்து வேறுபாட்டை விட்டுவிடும், கடைசி இடைவெளியைக் கணக்கில் எடுக்கும். `SHOW CREATE TABLE users` போட்டுப் பாருங்கள். இத்தனை வருஷம் உங்களுக்காக ஒப்பிட்டது உங்கள் நிரல் இல்லை, டேபிளின் அந்த அமைப்பு.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து

நான் தமிழாசிரியன், நிரல் எழுதுவதில்லை. சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 'இயல்பாக்கம்' என்று யாராவது சொல்லக்கூடும். டேபிள்களைப் பிரித்து அடுக்கும் முறைக்குக் கணினிப் பாடத்தில் அதை எடுத்தாயிற்று, ஒரே ஆவணத்தில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். 'தூய்மையாக்கம்' என்றால் அவர் எழுதியது அழுக்கு என்றாகிறது. அவர் தம் முகவரியைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். 'சிற்றெழுத்தாக்கம்' செய்யும் வேலையில் ஒரு பாதியைத்தான் சொல்கிறது. ஒப்பிடுவதற்கென்று ஆக்கிய உரு என்பதால் 'ஒப்புரு' என்கிறேன். உள்ளபடி இருப்பது 'எழுதுரு'. இரண்டும் ஒரே அச்சில் நிற்கின்றன, எதிரெதிராக வைத்துப் பேசலாம்.

அவிநாசியிலிருந்து

ஐயா, ஒப்புரு என்றதும் எனக்கு 'நகல்' என்றுதான் காதில் விழுகிறது. 'ஒப்புவடிவம்' என்றால் கொஞ்சம் நீளம், ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கும் புரியும்.

ஓர இடைவெளியை எடுக்கும் வேலைக்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது. சாஃப்ட்வேருக்கு வருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தையல் முடிந்து வரும் பீஸில் ஓரத்தில் தொங்கும் நூலை வெட்டுவதைப் பிசிறு வெட்டுவது என்போம். துணியில் கத்தரி படக்கூடாது, தொங்குவதை மட்டும் எடுக்கவேண்டும். `btrim` செய்வதும் அதேதான், நடுவில் இருக்கும் இடைவெளியைத் தொடாது. 'பிசிறுவெட்டு' என்று வைக்கலாமா?

இன்னொன்று, அந்த ஒரு வரியை முழுதாக நம்பவேண்டாம். எக்ஸெலிலிருந்து ஏற்றிய பட்டியலில் எங்களுக்கு வெட்டிய பிறகும் நீளம் 17 என்றே வந்தது. கடைசியில் இருந்தது சாதாரண இடைவெளி இல்லை, வரி முறியாமல் இருக்கப் போடும் இடைவெளி, `U+00A0`. வெறும் `btrim(email)` சாதாரண இடைவெளியை மட்டும்தான் எடுக்கும், டேபையும் வரிமுறிவையும்கூட விட்டுவிடும். எவற்றை எடுக்கவேண்டும் என்று சொல்லவேண்டியிருந்தது:

```sql
btrim(email, E' \t\r\n\u00a0')
```

திருப்பூரிலிருந்து

பிசிறுவெட்டை இன்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் குழுவில் விளக்கம் சொல்லவே தேவைப்படவில்லை. ஒப்புருவா, ஒப்புவடிவமா என்பதில் குழு இரண்டாக நிற்கிறது. நான் ஆவணத்தில் ஒப்புரு என்றும், முதல் முறை வரும் இடத்தில் ஒப்பிடும் வடிவம் என்றும் எழுதியிருக்கிறேன்.

இரட்டைகள் மொத்தம் 9 வந்தன. 6-ல் ஒரு பக்கம் காலிக் கணக்கு, அதை எடுத்துவிட்டேன். 2-ல் இரண்டு கணக்கிலும் ஆர்டர் இருந்தது. இரண்டு முகவரியும் உறுதிப்படுத்தல் இணைப்பைத் தொட்டவை, அதனால் புதியதன் ஆர்டர்களைப் பழையதற்கு மாற்றினேன். மிச்சம் ஒன்றில் இரண்டாவது கணக்கு உறுதிப்படுத்தாதது, ஆனால் அதில் ஆர்டர் இருக்கிறது. அந்த முகவரியை வேறு யாரோகூடக் கொடுத்திருக்கலாம் என்பதால் அவரிடம் கேட்காமல் சேர்க்கவில்லை. இன்டெக்ஸ் அதனால் இன்னும் உருவாகாமல் நிற்கிறது.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து

பிசிறுவெட்டு அருமை, அம்மணி. தறியும் தையலும் உள்ள ஊரிலிருந்துதான் அது வரமுடியும். ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. பேரெழுத்து, சிற்றெழுத்து என்று இரண்டுக்கும் பெயர் இருக்கிறது. அந்த வேறுபாட்டுக்கே ஒரு பெயர் இல்லை, நம் எழுத்தில் அது இல்லாததால் தேவைப்பட்டதும் இல்லை. 'எழுத்துநிலை' என்று நினைத்தேன், வேறு பொருளோடு குழம்புமோ என்று தயக்கமாக இருக்கிறது. யாராவது நல்லதாகச் சொன்னால் மகிழ்வேன்.

கோவையிலிருந்து

`citext` யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஐயா. 'எழுத்துநிலை' என்றால் பிள்ளைகளின் படிப்பறிவு நிலை மாதிரியும் இருக்கிறது. 'எழுத்துப்பருமை'?

ஈரோட்டிலிருந்து

பருமை என்றால் தடித்த எழுத்தோடு போய்விடும் தம்பி. யோசிப்போம்.