மோட்டார் ரிவ்யூவுல சுடிதார்! அஞ்சு ஸ்டாரை நீங்க எப்படிப் பிரிச்சுப் பாக்கீங்க?

வள்ளியூர்க் காத்து:
ராதாபுரம் பக்கம் பெரியப்பா வீட்டு மோட்டார்ல காயில் கருகிப்போச்சு. கீழ்த்தொட்டியில இருந்து மாடி டேங்குக்கு ஏத்த அரை ஹெச்பி போதும். "நீதான் எல்லாத்தையும் போன்லயே வாங்குதியே, பாத்துச் சொல்லுடே"ன்னு கூப்பிட்டாவ. கேள்விப்படாத பிராண்டு, கேள்விப்படாத விற்பனையாளர், கடை விலையில பாதி. 4.6 ஸ்டார், ஆயிரத்துக்கு மேல ரேட்டிங். பெரியப்பா அந்த 4.6ஐப் பாத்ததுமே ஆர்டர் போடச் சொல்லிட்டாவ.

நான் ரிவ்யூவைப் புதுசுல ஆரம்பிச்சு கீழே தள்ளிக்கிட்டே போனேன். பெரியப்பா போனை வாங்கி, கண்ணாடியை நெத்திக்கு ஏத்தி, மூக்குகிட்ட வச்சு சத்தமா வாசிச்சாவ: "துணி மெத்துன்னு இருக்கு, என் மகளுக்கு அளவு கச்சிதம்." அஞ்சு ஸ்டார். மோட்டாருக்கு!

இது எப்படி வருதுன்னு உங்களுக்குத் தெரியும். நல்லா ஓடுன பழைய சுடிதார் பக்கத்துல பேரையும் படத்தையும் மாத்தி மோட்டாரைப் போட்டுருதான், இல்லன்னா அந்தப் பக்கத்தோட 'இன்னொரு வகை'ன்னு மோட்டாரைச் சேத்துருதான். ஸ்டாரெல்லாம் அப்படியே கூட வந்துரும். அது பிரச்சினை இல்ல, கண்டுபிடிச்சாச்சு.

என்னை அரிக்கது மேல இருக்க புது ரிவ்யூதான். அதெல்லாம் நிசமாவே மோட்டாரைப் பத்தித்தான். "சூப்பர் மோட்டார், நல்ல பேக்கிங், வேகமான டெலிவரி." ஒரே வாரத்துல வரிசையா வந்திருக்கு. மோட்டார் வந்தா பிளம்பர் வரணும், பைப் சேக்கணும், தண்ணி ஊத்திக் காத்து எடுக்கணும். வந்த அன்னைக்கே சூப்பர்னு எப்படித் தெரியும்? அதுக்கு நடுவுல ஒரே ஒரு மூணு ஸ்டார்: "ரெண்டாவது மாடிக்கு ஆயிரம் லிட்டர் டேங்கு நிறைய முக்கா மணி நேரம் ஆகுது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்குனா திணறுது, சூடாகுது." இதை எழுதுனவரு மோட்டாரை ஓட்டிப் பாத்திருக்காரு. மத்தவங்க எல்லாம் பொய்யா, இல்ல சோம்பேறியா? உங்களுக்கு இப்படி நடந்ததைச் சொல்லுங்க.

பாளை ராஜா:
ரொம்ப யோசிக்காதீங்க பிரதர். பேருக்குக் கீழ 'வாங்கியது உறுதி செய்யப்பட்டது'ன்னு இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா நிசம், இல்லன்னா பொய். நான் அப்படித்தான் எல்லாம் வாங்குதேன். அப்புறம் அஞ்சும் ஒண்ணும் மட்டும் நிறைஞ்சு நடுவுல காலியா இருந்தா அது செட்டப்.

மேலப்பாளையம்காரி:
ராஜா அண்ணே, அந்த முத்திரையை நம்பாதீங்க. எங்க தெருவுல காலேஜ் படிக்க ஒரு தம்பி இருக்கான். அவங்க உம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு பாக்கப் போயிருந்தேன். பரண்ல கெட்டில், டிரிம்மர், குழந்தை வண்டின்னு பெட்டி பெட்டியா இருக்கு. வீட்டுல குழந்தையே கிடையாது. ஒண்ணைக்கூடப் பிரிக்கல. கேட்டா, "ரிவ்யூ போட்டா காசு திரும்ப வந்துரும்க்கா"ன்னான்.

அவன் சொன்னபடி சொல்லுதேன். ஒரு குரூப்ல ஏஜென்ட் பொருளோட படத்தைப் போடுவான், லிங்க் தரமாட்டான். நாமளே தேடி, நாலஞ்சு பொருளைத் திறந்து பாத்துட்டு, கடைசில அதை நம்ம காசுலயே வாங்கணும். பெட்டி வந்ததும் உடனே எழுதக்கூடாது. சில நாள் பொறுத்து அஞ்சு ஸ்டாரும் படமும் போட்டு, அது தளத்துல ஏறுன பிறகு அந்தப் பக்கத்தையும் ஆர்டர் நம்பரையும் ஏஜென்டுக்கு அனுப்பணும். கமிஷனைப் பிடிச்சுக்கிட்டு மிச்சக் காசை யூபிஐல அனுப்புவான். பொருள் இவனுக்கே.

அதனால வாங்குனது நிசம், முத்திரையும் நிசம், எழுதுனதுதான் பொய். காத்து தம்பி சொன்ன 'வந்த அன்னைக்கே எழுதுதான்' கணக்கும் இவங்ககிட்ட பலிக்காது. பொறுத்து எழுதணும்னு சொல்லிக்கொடுத்தே வச்சிருக்கான்.

எனக்கு மறக்காதது ஒரு கெட்டில் படம். என் கண்ணு முன்னாலதான் எடுத்தான். பிடியில பிளாஸ்டிக் உறை, வயர்ல கட்டுன கம்பி, எதையும் அவுக்கல. ஜன்னல் வெளிச்சத்துல வச்சு நாலு பக்கமும் எடுத்தான். இப்ப நான் ரிவ்யூ படத்துல அதைத்தான் தேடுதேன். தண்ணி பட்ட கறை, மாவு ஒட்டுன மூடி, சுவத்துல பழைய பிளக்கு இருந்தா நம்புவேன். உறை பிரிக்காத படத்தை எண்ணிக்கையில சேக்கமாட்டேன்.

பனங்காட்டுக் கருப்பட்டி:
எல்லாரும் விக்கவனையே திட்டுதிய. நான் உடன்குடிப் பக்கத்துல இருந்து கருப்பட்டி அனுப்புதேன். மழைக்காலத்துல கூரியர்காரன் பெட்டியை நனையவிட்டா கருப்பட்டி இளகத்தான் செய்யும். அதுக்கு எனக்கு ஒரு ஸ்டார்! "கருப்பா இருக்கு"ன்னு ஒருத்தர் ரெண்டு ஸ்டார். கருப்பட்டி வேற என்ன நிறத்துல இருக்கும்? இந்தப் பொய் ஒரு ஸ்டாரைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்க முதல்ல.

பெட்டிக்குள்ள நானும் ஒரு சீட்டு வைக்கேன். அஞ்சு ஸ்டார் போட்டா அடுத்த ஆர்டர்ல அம்பது ரூபா தள்ளுபடி. ஆரம்பத்துல அக்கா மகளுவ ரெண்டு பேரு எழுதுனாளுவ, அவளுவ சின்னதுல இருந்து எங்க கருப்பட்டியைத் தின்னவளுவதான். இது பொய்யா?

பாளை ராஜா:
அண்ணாச்சி, கூரியர் பிரச்சினைக்குத் தனி இழை இருக்கு. மேலப்பாளையம் அக்கா, ஒரு பையன் செய்தான்னு எல்லாரும் அப்படியா? நான் போட்ட ரிவ்யூலயும் பாதி "நல்ல பேக்கிங்"தான். டெலிவரி ஆன உடனே ஸ்டார் போடுன்னு போன் நச்சரிக்கும், போட்டுட்டுப் போவேன். நானும் ஏஜென்டா?

கணக்கு எழுதுதவ:
பாளையங்கோட்டையில நாலஞ்சு ஆன்லைன் விற்பனையாளர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பாக்கேன். ராஜா சொன்னதுல பாதி சரி. "நல்ல பேக்கிங்"னு எழுதுதவங்கள்ல நிறையப் பேரு நிசமான சோம்பேறிங்கதான். தனியா ஒரு ரிவ்யூவை வச்சுப் பொய்யா நிசமான்னு எனக்கும் சொல்ல முடியாது. ஆனா அஞ்சும் ஒண்ணும் மட்டும் நிறைஞ்சிருந்தா செட்டப்னு சொன்னது தப்பு. நேர்மையான பொருளுக்கும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சந்தோஷப்பட்டவனும் கடுப்பானவனும்தான் எழுத உக்காருவான், 'பரவாயில்ல'ன்னு நினைக்கவன் போனை மூடிட்டுப் போயிருவான்.

காத்து தம்பி, நீங்க பாத்த 4.6 பொருளோட பக்கத்துக்கு உள்ளது, விக்கவருக்கு உள்ளது இல்ல. ஒரே பக்கத்துல பல பேரு விக்கலாம். விக்கவர் பேரைத் தொட்டா அவருக்குன்னு தனி மதிப்பீடு வரும். சட்டப்படியான பேரு, முகவரியும் அங்க இருக்கணும், 2020 மின்வணிக விதிகள்ல அது கட்டாயம். சில தளத்துல ஜிஎஸ்டி நம்பரும் இருக்கும். அதை ஜிஎஸ்டி இணையதளத்துல 'Search Taxpayer'ல போடுங்க, லாகின் வேண்டாம். பதிவான தேதி, ஊரு, நம்பர் இன்னும் செல்லுமான்னு எல்லாம் வரும். முதல் ரெண்டு இலக்கம் மாநிலம்: நமக்கு 33, டெல்லிக்கு 07. பாத்துட்டு இங்க எழுதுங்க.

வள்ளியூர்க் காத்து:
பாத்தேன் அக்கா. விக்கவருக்குத் தனியா வந்த மதிப்பீடு விரல் விட்டு எண்ணுத அளவுதான், அதுலயும் பாதி "பொருளைத் திருப்பி எடுக்கமாட்டேங்கான்". ஜிஎஸ்டி நம்பர் 07ல ஆரம்பிக்கி. பதிவானது போன மாசம்! ஆனா பொருள் பக்கத்துல ரெண்டு வருசத்துக்கு முந்தின ரிவ்யூ கெடக்கு. நம்பர் இன்னும் செல்லும்னுதான் காட்டுது.

கணக்கு எழுதுதவ:
நம்பர் செல்லும்னா அரசாங்கத்துல பதிவு இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், பொருள் நல்லதுன்னு இல்ல. புதுசா பதிஞ்சவன் எல்லாம் திருடனும் இல்ல, என்கிட்ட கணக்கு பாக்கவங்களும் ஒரு நாள் புதுசுதான். ஆனா போன மாசம் பிறந்த கடை, ரெண்டு வருசப் பழைய ஸ்டார், நடுவுல சுடிதார், திருப்பி எடுக்கலங்கிற புகார். எல்லாம் ஒரே பக்கம் சாயுது. நானா இருந்தா அந்தப் பழைய ஸ்டாரைக் கழிச்சுட்டு, மோட்டாரைப் பத்தி மட்டும் 'pump', 'tank', 'voltage'னு தேடி வர்றதைப் படிப்பேன்.

கருப்பட்டி அண்ணாச்சி, அதே விதிகள்ல விக்கவர் தானே வாங்குனவர் மாதிரி ரிவ்யூ எழுதக் கூடாதுன்னு இருக்கு. உங்க அக்கா மகளுவளை நீங்களே எழுதச் சொன்னீங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தச் சீட்டை மாத்துங்க. தள்ளுபடியை அஞ்சு ஸ்டாருக்குன்னு கட்டிப்போட்டதுதான் தப்பு.

பனங்காட்டுக் கருப்பட்டி:
அதெப்படி? ஒரு ஸ்டார் போடவனுக்கும் நான் அம்பது ரூபா தரணுமா?

ஓய்வுபெற்ற வைண்டர்:
நான் 30 வருசம் மோட்டார் கட்டுனவன். எனக்கு வந்த அனுபவம் ஒண்ணுதான். ஆன்லைன்ல வாங்குன மோட்டாரை ஒருத்தர் கொண்டுவந்தாரு, பெட்டியில 'காப்பர் வைண்டிங்'னு போட்டிருக்கு, பிரிச்சா உள்ள அலுமினியம். மேல வார்னிஷ் பூசுனதால செம்பு மாதிரி தெரியுது. கம்பியைக் கத்தியால சுரண்டுனதும் வெள்ளையா வந்துச்சு.

இதை எந்த ரிவ்யூகாரன் கண்டுபிடிப்பான்? எவனும் காயிலைப் பிரிச்சுப் பாக்கமாட்டான். ரெண்டு மாசம் ஓடுத வரை காப்பரும் அலுமினியமும் ஒண்ணுதான். அதனால நிசமா எழுதுனவனும் "சூப்பர்"னுதான் எழுதியிருப்பான், பாவம். நம்ம ஊரு மாதிரி சாயங்காலம் வோல்டேஜ் இறங்குத இடத்துல, அதே பாரத்தை இழுக்க மோட்டார் கூடுதலா கரண்டு எடுக்கும், கம்பி சூடாகும். அந்த மூணு ஸ்டார் ஆளு சொன்னது அதுதான். தம்பி, ரிவ்யூவை எண்ணாம எடையைப் பாருங்க. அதே ஹெச்பியில பேர் தெரிஞ்ச கம்பெனி மோட்டார் என்ன கிலோ, இது என்ன கிலோன்னு ஒப்பிடுங்க. ரொம்பக் குறைஞ்சா உள்ள எதையோ குறைச்சிருக்கான். எடை போடவே இல்லன்னா வாங்காதீங்க. பிறகு மோட்டாரை வெயில் படாம வையுங்க, அடியில ரப்பர் வையுங்க, தொட்டியில தண்ணி இல்லாம ஓட்டாதீங்க, வருசத்துக்கு ஒருக்கா பேரிங் பாருங்க. கன்டென்சரை மட்டும் மாத்துனாலே பல மோட்டார் ஓடும், பழசைத் தூரப் போடாதீங்க. காயில் கருகுனதைத் திரும்பக் கட்டலாம், அதுக்கு எதுக்குப் புது மோட்டார்?

பாளை ராஜா:
அண்ணாச்சி, கேட்டது ரிவ்யூவைப் பத்தி.

வள்ளியூர்க் காத்து:
எடை போடவே இல்ல. பெரியப்பா இப்ப பழசையே கட்டக் குடுத்துட்டாவ. ஆனா எனக்கு இன்னும் அந்த "சூப்பர் மோட்டார்" ஆளுங்க சந்தேகம் தீரல. மேலப்பாளையம் அக்கா, அந்தத் தம்பி மோட்டாருக்கும் எழுதியிருக்கானான்னு கேட்டுச் சொல்லுங்களேன்.

மேலப்பாளையம்காரி:
கேட்டேன். மோட்டார் கனம், பரண்ல ஏத்த முடியாதுன்னு அவன் எடுக்கலையாம். ஆனா குரூப்ல வந்துச்சாம், எந்தப் பிராண்டுன்னு ஞாபகம் இல்லங்கான்.

டவுன் பையன்:
அக்கா, அந்த குரூப் பேரு என்ன? சும்மா பாக்கதுக்குத்தான்.

மேலப்பாளையம்காரி:
பாக்க வேண்டாம். குழந்தை வண்டிக்குக் குடுத்த காசு அவனுக்கு இன்னும் திரும்பி வரல. ஏஜென்ட் அவனைக் குரூப்ல இருந்தே தூக்கிட்டான். தளத்துல போய் புகார் சொல்லவும் வழி இல்ல, என்னன்னு சொல்லுவான்? வண்டியை விக்கணுமாம், யாருக்காவது வேணுமா?