புதுப்பிப்பு: மண்டபம் வீட்டு கேமரா இப்ப தெரியுது

நான் கேட்டது: "மண்டபம் வீட்டு கேமராவ மதுரை ரூம்ல இருந்து பாக்கணும், ரவுட்டர்ல போர்ட் திறக்க பயமா இருக்கு, வழி இருக்கா?"

போர்ட் நம்பர மாத்தி திறந்தா எவனுக்கும் தெரியாதுன்னு ஒரு தம்பி சொன்னாப்ல. ஸ்கேன் பண்றவனுக்கு நம்பர்லாம் ஒரு தடையா? அதோட என் ரவுட்டரோட WAN ஐபியே 100.72-ல ஆரம்பிக்குது, பல வீட்டுக்கு ஒரே பொது ஐபி, திறந்தாலும் வெளிய இருந்து உள்ள வராது.

அதனால வீட்ல கிடந்த ராஸ்பெரி பைலயும் போன்லயும் டெயில்ஸ்கேல் விபிஎன் போட்டேன், அது உள்ள இருந்து வெளிய போய் இணைப்ப பிடிச்சுக்குது, போர்ட்டே வேணாம். கேமரா இருக்கிற வீட்டு நெட்வொர்க்குக்கு பை வழியா ரூட்டும் குடுத்தேன். பை ஆன்லைன்னு காட்டுது, கேமரா மட்டும் திறக்கல, ரெண்டு நாள் மண்டை காஞ்சு போச்சு. மொபைல் டேட்டால பாருன்னு இங்க ஒரு அண்ணன் சொன்னாரு, டக்குனு திறந்துச்சு! ரூம் வைஃபையும் வீட்டு வைஃபையும் ரெண்டுமே 192.168.1, போன் கேமராவ ரூமுக்குள்ளயே தேடிருக்கு. பஸ் ஏறி ஊருக்குப் போயி ரவுட்டர், கேமரா ரெண்டையும் 192.168.57-க்கு மாத்திட்டு, பைல ஐபி ஃபார்வர்டிங் ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு, புது ரூட்டை குடுக்க இத அடிச்சேன்:

```
sudo tailscale set --advertise-routes=192.168.57.0/24
```

அட்மின் பக்கத்துல அந்த ரூட்டை அப்ரூவ் பண்ணணும். அங்கயே ராஸ்பெரி பைக்கு கீ எக்ஸ்பைரிய நிறுத்திருங்க, இல்லன்னா 180 நாள்ல அதுவா வெளியேறிரும்.

தொண்டி அக்கா, கரண்டு போனா உங்க கேமரா நிக்கிறது வேற கதை, ரவுட்டருக்கும் கேமராவுக்கும் யுபிஎஸ் போடுங்க. எனக்கு ராத்திரில மட்டும் படம் திக்குது, tailscale status-ல relay-ன்னு, அதாவது நேரா இல்லாம நடுவுல ஒரு சர்வர் வழியா போறதா காட்டுது, அத இன்னும் சரி பண்ணல.