ஸ்கிரேப்பிங் நடுவே லாகின் காலாவதியானால் தேடல் முடிவுகளை எங்கிருந்து தொடர்வது?

அனைவருக்கும் வணக்கம். உரிய அனுமதியுடன், ஓர் ஆவணத் தளத்தின் பதிவுகளைப் பைத்தானின் `requests.Session` கொண்டு இறக்கி வருகிறேன். செஷன் காலாவதியாகும்போது தளம் 401 தருவதில்லை. 302 வழியே லாகின் பக்கத்திற்குத் திருப்பிவிடுகிறது. அந்தப் பக்கம் 200 என்றே வருவதால், நிலை எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும். ஒரே அளவுள்ள கோப்புகள் வரிசையாகச் சேர்வதே அடையாளம். ஆகவே இப்படிச் சோதிக்கிறேன்:

```python
if "/login" in r.url:
    login(s)
    r = s.get(url)
```

`login` ஒவ்வொரு முறையும் படிவத்தைத் திறந்து புதிய சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை எடுக்கிறது; பழையது செல்லாது. தனிப் பதிவுகளுக்கு இது போதுமானதாக உள்ளது.

தேடல் முடிவுகளில்தான் சிக்கல். தேடல் நிபந்தனைகளைத் தளம் செஷனிலேயே வைத்திருப்பதால், மீண்டும் நுழைந்தபின் `?page=140` வெறுமையாக வருகிறது. தேடலை மறுபடி அனுப்பினாலோ, இடையில் பதிவுகள் சேர்ந்தோ நீங்கியோ வரிசை நகர்ந்திருப்பதால் சில இரட்டிக்கின்றன, சில விடுபடுகின்றன. இரட்டித்தவற்றைப் பதிவு எண்ணைக் கொண்டு நீக்கிவிடலாம். விடுபட்டவை கண்ணுக்கே தெரியாது என்பதுதான் என் கவலை.

ஒரு செஷனுக்குள் முடியும் அளவுக்குத் தேடலை மாதவாரியாகப் பிரித்து, நின்றுபோன மாதத்தை மட்டும் முதலிலிருந்து எடுக்கலாமா, அல்லது இதைவிட உறுதியான வழி உண்டா? இத்தகைய தளங்களில் வேலை செய்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.